எந்தத் தாள் முதலில்?

மண்ணூர்பேட்டையில் குடியிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவருக்கு, அரசு அலுவலகம் திறந்திருக்கும் நேரமும் ஷிஃப்ட் நேரமும் ஒன்றுதான். வார விடுமுறை ஞாயிறு. அன்று பெரும்பாலான அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும். ஆகவே, ஒவ்வொரு முறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போவதும் ஒரு லீவு அல்லது ஒரு நாள் சம்பளம். நாலு கார்டுகளைப் புதுப்பிக்க வேண்டிய வருடத்தில், வரிசையைச் சரியாக அமைத்தால் இரண்டு வேலைநாள் லீவில் முடித்துவிடலாம். வரிசை பிசகினால், ஒரே கவுன்டருக்கு இரண்டு மூன்று முறை போக நேரும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 46 வயது மெஷின் ஆபரேட்டர். பெரம்பூரில் இருந்த குடும்பம் ஏப்ரலில் மண்ணூர்பேட்டைக்கு வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறது. லைசென்ஸ் அக்டோபர் கடைசியில் முடிகிறது. பாஸ்போர்ட் அடுத்த பிப்ரவரியில் முடிகிறது. வளைகுடாவுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் எண்ணம் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் பெரம்பூர் முகவரியில்.

எது முதலில் காலாவதியாகிறதோ அதை முதலில் பார்ப்போம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படிப் பார்த்தால் லைசென்ஸ், பிறகு பாஸ்போர்ட். ஆனால் கார்டில் அச்சிட்ட தேதி வேறு, நமக்குக் கைகொடுக்கும் தேதி வேறு. வளைகுடா நாடுகளுக்குப் போக பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். அதனால் பிப்ரவரி பாஸ்போர்ட் இவருக்கு ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டதற்குச் சமம். லைசென்ஸுக்கோ, காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆக, பாஸ்போர்ட்டுக்குத்தான் அவசரம். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: இரண்டு அலுவலகங்களிலும் முகவரிக்குச் சான்றாக நீட்டப்போவது ஆதார். அதில் பெரம்பூர் இருக்கும்வரை மற்ற எதுவும் நகராது.

ஆதாரில் முகவரி மாற்ற இவர் பெயரிலேயே ஒரு சான்று வேண்டும். வீட்டு ஈ.பி. கார்டு ஓனர் பெயரில் இருப்பதால் அது உதவாது. கேஸ் இணைப்பு தன் பெயரில் இருந்தால், புது முகவரிக்கு மாற்றிக்கொண்டு பில் வாங்குவது எளிய வழி. அந்த பில் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், வாங்கிவைத்துவிட்டு ஆறப்போடக் கூடாது. வாடகை ஒப்பந்தம் காட்டுவதானால் அதிலும் இவர் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆதார் ஆணையமே நடத்தும் சேவை மையங்கள் ஞாயிற்றுக்கிழமையும் இயங்குகின்றன. இதற்கு லீவு தேவையில்லை. முன்பதிவு செய்துகொண்டு மே மாத ஞாயிறு ஒன்றில் போய்விடலாம். பழைய மொபைல் எண் கைவிட்டுப் போயிருந்தால் அதையும் அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும். மொபைல் எண்ணுக்குத் தனியாகச் சான்று கேட்பதில்லை. ஒரே தடவையில் செய்தால் இரண்டுக்கும் சேர்த்து 75 ரூபாய்தான். இனி வரும் ஓ.டி.பி. பலவும் அந்த எண்ணுக்கே வரும்.

மையத்தில் ஆபரேட்டர் தட்டச்சு செய்வதை நம் பக்கம் திருப்பிய திரையில் காட்டுவார்கள். அந்த ஒரு நிமிடத்தை வீணாக்கக் கூடாது. ஊர்ப் பெயர் Mannurpet என்று ஒரு தாளிலும் Mannurpettai என்று இன்னொன்றிலும் இருந்தால், கேஸ் பில்லில் உள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும். மாவட்டத்தையும் பார்க்க வேண்டும். அம்பத்தூர் வட்டம் 2018-இல் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. பழைய ஆவணங்களில் இன்னும் திருவள்ளூர்தான் இருக்கும். பெயரில் கைவைப்பதானால் இன்னும் நிதானம் வேண்டும், வாழ்நாளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயரை மாற்றலாம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். எனவே பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அதை முன்னால் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

முகவரி மாற்றம் பதிவாக ஒரு மாதம்வரை ஆகலாம். ரசீதை நம்பி பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடக் கூடாது. இணையத்தில் புது முகவரியோடு ஆதார் இறங்கிய பிறகே போட வேண்டும்.

ஜூன் நடுவில் அது கைக்கு வந்ததும் முதல் வேலைநாள் லீவு. மண்ணூர்பேட்டையிலிருந்து அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையம் பக்கம். உள்ளே மூன்று கட்டம்: ‘ஏ’ கவுன்டரில் தாள்களை ஸ்கேன் செய்து படமும் கைரேகையும் எடுப்பார்கள், ‘பி’யில் அசல்களைச் சரிபார்ப்பார்கள், ‘சி’யில் அதிகாரி முடிவெடுப்பார். ஆதாரும் விண்ணப்பமும் முட்டிக்கொண்டால் ‘பி’யிலேயே சிக்கல் வரும், அன்றைய லீவு வீண். முகவரி மாறியிருப்பதால் போலீஸ் விசாரணையும் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூர் பகுதி வருவாய்த் துறைக்குச் சென்னை மாவட்டம் என்றாலும், காவல் துறைக்கு 2022 ஜனவரியிலிருந்து ஆவடி ஆணையரகம். விண்ணப்பத்தில் காவல் நிலையத்தைக் குறிக்கும் முன், தன் தெரு எந்த நிலையத்துக்கு உட்பட்டது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது லீவு ஜூலையில், அம்பத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு. சாரதி தளத்தில் விண்ணப்பிக்கும்போதே புதுப்பித்தலையும் முகவரி மாற்றத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். வயது 40-ஐத் தாண்டிவிட்டதால், டாக்டர் தரும் படிவம் 1ஏ தேவை. அதை ஒரு மாலை நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம். இவர் வயதுக்குப் புது லைசென்ஸ் பத்தாண்டுக்குச் செல்லும்.

முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போட முடியாததற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸ் கையில் தரப்படுவதில்லை, ஸ்பீடு போஸ்டில்தான் வரும். பழைய முகவரியிலேயே புதுப்பித்தால் கார்டு பெரம்பூருக்குப் போய், ஆளில்லாமல் ஆபீஸுக்கே திரும்பிவிடும். பகலில் வீடு பூட்டியிருக்குமென்றால், தபால்காரர் கூப்பிட்டால் எடுக்கும் எண்ணையே விண்ணப்பத்தில் தர வேண்டும்.

ரேஷன் கார்டுக்கு லீவே வேண்டாம். முகவரி மாற்றத்தை tnpds.gov.in தளத்தில் போடலாம். சிக்கினால், மாதம்தோறும் இரண்டாம் சனிக்கிழமை சென்னையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போகலாம். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று தேவையென்றால் ரேஷன் கார்டு மாறிய பிறகு போடுவது நல்லது. அந்தச் சான்றின் ஆயுள் ஓராண்டுதான் என்பதால், வெகு முன்கூட்டியும் வாங்கிவைக்க வேண்டாம். மனைவி பெயரில் முகவரிச் சான்று எதுவும் இல்லையென்றாலும் கவலையில்லை. குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து, அவர் இணையத்தில் ஒப்புதல் தர, மற்றவர்கள் முகவரியை மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது. ஒப்புதலை 30 நாளுக்குள் தர வேண்டும்.

இந்த வரிசை ஓரிடத்தில் மட்டும் செல்லாது. லைசென்ஸ் முடிய இரண்டு வாரமே இருக்கிறது என்றால் ஆதாருக்காகக் காத்திருக்க முடியாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, முன்பிருந்த 30 நாள் சலுகைக் காலம் கிடையாது. முடிந்த மறுநாள் வண்டி ஓட்டினாலே குற்றம். ஓராண்டும் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். அப்படிப்பட்டவர் பழைய முகவரியிலேயே உடனே புதுப்பித்துவிட்டு, கார்டை வாங்கித் தரச் சொல்லி பெரம்பூர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். முகவரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஒரு லீவு கூடுதலாகச் செலவாகும்.