கத்தரிக்காயைத் தேடும் பெட்டி

வலது மேல் மூலையில் ஒரு பூதக்கண்ணாடிப் படம், பக்கத்தில் எழுத ஒரு சின்னப் பெட்டி. ஒரு இணையதளத்தில் பக்கங்கள் ஐம்பதைத் தாண்டினாலே, "சர்ச் பாக்ஸ் எப்போது வரும்?" என்று யாராவது கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதை வைப்பது பெரிய வேலையில்லை. ஆனால் வாசகர் ஒரு சொல்லை எழுதி, "எதுவும் கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால், பெட்டி சரியில்லை என்று அவர் நினைப்பதில்லை. அந்தத் தளத்தில் அந்த விஷயமே இல்லை என்று முடிவு கட்டிப் போய்விடுகிறார். உள்ளே இருப்பதை இல்லை என்று சொல்லும் பெட்டியைவிடப் பெட்டியே இல்லாத தளம் மேல். தமிழில் எழுதப்பட்ட தளங்களில் இந்தத் தவறு நடக்க ஆங்கிலத்தைவிட வாய்ப்பு மிக அதிகம். காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது.

முதலில், பெட்டி தேவைப்படாத இடங்கள். திருக்குறளுக்கு ஒரு தளம் என்று வைத்துக்கொள்வோம். குறளுக்கு ஒரு பக்கம் என்றால் 1330 பக்கங்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் தேடல் கட்டாயம் என்று தோன்றும். ஆனால் அங்கே வருகிறவர் கையில் என்ன வைத்துக்கொண்டு வருகிறார் என்று பாருங்கள். குறள் எண் தெரிந்திருக்கும், அல்லது அதிகாரத்தின் பெயர், அல்லது குறளின் முதல் சொல். 133 அதிகாரங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் முதல் இரண்டும் தீர்ந்தன. மூன்றாவதற்கு அச்சுப் பதிப்புகள் வெகுகாலமாகவே வழி வைத்திருக்கின்றன: கடைசிப் பக்கங்களில் வரும் முதற்குறிப்பு அகராதி. அதை அப்படியே ஒரு இணையப் பக்கமாக்கிவிடலாம். நடுவில் வரும் ஒரு சொல் மட்டும் நினைவில் இருப்பவருக்குத்தான் தேடல் தேவை.

ஆகவே பக்கங்களை எண்ணுவதைவிட, வருகிறவர் எந்தச் சொல்லோடு வருகிறார் என்று பார்ப்பதே சரியான சோதனை. அந்தச் சொல் பக்கத்தின் தலைப்பிலேயே இருக்குமென்றால் அகரவரிசைப் பட்டியல் போதும். நானூறு தலைப்புகளும் அவற்றின் இணைப்புகளும் கொண்ட பட்டியல் ஒரு சாதாரணப் புகைப்படத்தைவிடச் சின்னது. போனில் சட்டென்று திறக்கும். அதற்குள் தேட ப்ரவுசரிலேயே வசதி உண்டு: கணினியில் `Ctrl+F`, போனில் மெனுவில் `Find in page`. பட்டியலுக்கு இன்னொரு நல்ல குணம் இருக்கிறது. தேடும் பொருளின் பெயர் தெரியாதவரும் அதைப் பார்த்து, "ஓ, இதுதான்" என்று கண்டுபிடிப்பார். வெற்றுப் பெட்டி அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

இப்போது பெட்டி உண்மையிலேயே தேவைப்படும் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நானூறு சமையல் குறிப்புகள் கொண்ட தளம். வீட்டில் கத்தரிக்காய் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டு ஒருவர் வருகிறார். எண்ணெய்க் கத்தரிக்காயில் அந்தச் சொல் தலைப்பிலேயே இருக்கிறது. வாங்கி பாத்தில் இல்லை, கொத்சுவில் இல்லை, அரைத்துவிட்ட சாம்பாரில் இல்லை. பொருள்களின் பட்டியலிலோ செய்முறையிலோதான் இருக்கிறது. தலைப்பு அகரவரிசை இங்கே கைகொடுக்காது.

எதையும் கட்டுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கூகுளில் தளத்தின் முகவரியோடு சேர்த்து இப்படி எழுத வேண்டும்:

```
site:example.com கத்தரிக்காய்
```

அந்தத் தளத்துக்குள் கூகுள் பார்த்து வைத்திருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். வரவேண்டியவை எல்லாம் வந்தால், பெட்டியில் எழுதுவதை இதே தேடலுக்கு அனுப்பிவிடலாம். ஒரு சின்னப் படிவம் போதும். குறை என்னவென்றால், கூகுள் இன்னும் பார்க்காத பக்கம் வராது. நேற்று ஏற்றிய குறிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வாசகரும் நம் தளத்தை விட்டு வெளியே போய்விடுகிறார். சின்னத் தளங்களுக்கு இது பெரிய குற்றமில்லை.

சொந்தமாகவே தேடல் வைப்பது என்றால் எளிய வழி ஒன்று உண்டு. எல்லாக் குறிப்புகளின் தலைப்பு, பொருள்கள், முகவரி ஆகியவற்றை ஒரே கோப்பில் எழுதி வைப்பது. வாசகர் பெட்டியைத் தொட்டதும் அந்தக் கோப்பு அவர் போனுக்குப் போய், தேடல் அங்கேயே நடக்கும். சர்வரில் தனி மென்பொருள் வேண்டாம். அளவை மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும். யூனிகோடில், வழக்கமான யூடிஎஃப்-8 முறையில், தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். குறிப்புக்கு 250 குறிகள் என்றால் நானூறு குறிப்புக்குச் சுமார் 300 கிலோபைட். சர்வர் சுருக்கி அனுப்பும்போது அது இன்னும் வெகுவாகக் குறையும். முழுச் செய்முறையையும் சேர்த்தால் அதே கோப்பு பத்து மடங்காகி 3 மெகாபைட்டைத் தொடும். ஒரு சொல்லைத் தேட அவ்வளவையும் இறக்கச் சொல்வது நியாயமில்லை. அந்த நிலையில் `Pagefind` போன்ற இலவசக் கருவிக்கு மாறலாம். அது சொல்லடைவைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்து, தேடும் சொல்லுக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் இறக்கும். சமையல் தளத்துக்குத் தலைப்பும் பொருள்களும் சேர்ந்த சின்னக் கோப்பே போதும் என்பது என் கருத்து. செய்முறையில் ஓரிடத்தில் "கடுகு தாளித்து" என்று வருகிறது என்பதற்காக முன்னூறு குறிப்புகளைக் கொண்டுவந்து கொட்டுவதால் யாருக்கும் பயன் இல்லை.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். சிக்கல் இனிமேல்தான்.

வாசகர் பெட்டியில் "கத்தரிக்காய்" என்று எழுதுகிறார். குறிப்பில் "கத்தரிக்காயை நான்காகக் கீறி" என்று இருக்கிறது. நம் கண்ணுக்கு முதல் சொல் இரண்டாவதற்குள் அடங்கியிருக்கிறது. கணினிக்கு அப்படி இல்லை. யூனிகோடில் "ய்" என்பது ய, அடுத்து ஒரு புள்ளி என இரண்டு குறிகள். "யை" என்பது ய, அடுத்து ஐகாரக் குறி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் கடைசியில் புள்ளியை எதிர்பார்த்து, அங்கே ஐகாரத்தைக் கண்டு, "இல்லை" என்று சொல்லிவிடுகிறது. "குழம்பு" என்று தேடினால் "குழம்பில்" வராது, "மீன்" என்றால் "மீனை" வராது. ஆங்கிலத்தில் உருபு பெரும்பாலும் சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டும். நம் மொழியில் அது கடைசி எழுத்தையே மாற்றிவிடும். வெளிநாட்டில் செய்த தேடல் கருவியை அப்படியே கொண்டுவந்து வைக்கும் தளங்கள் பாதிப் பதிலை விழுங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கு முழு இலக்கண மென்பொருள் தேவையில்லை. தேடுகிறவர் பெரும்பாலும் உருபு இல்லாத பெயரைத்தான் எழுதுவார். அதன் கடைசிப் புள்ளியையோ உகரக் குறியையோ நீக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும். "குழம்பு" என்பது "குழம்ப" ஆகும். அது "குழம்பில்", "குழம்பை" இரண்டிலும் இருக்கிறது. "சோறு" என்பது "சோற" ஆகி, "சோற்றில்" என்பதையும் பிடித்துவிடும். மகரத்தில் முடியும் சொற்கள் மட்டும் தனி. "ரசம்" என்பது "ரசத்தில்" ஆகும்போது மகரமே போய்விடுகிறது. மகரத்தையும் நீக்கி "ரச" என்று தேடினால் ரசகுல்லா வந்து நிற்கும். ஆகவே அதற்கு மூன்று வடிவங்களைத் தனித்தனியே தேடச் சொல்ல வேண்டும்:

```js
function forms(q) {
  q = q.normalize("NFC").trim();
  if (q.endsWith("ம்")) {
    const base = q.slice(0, -2);
    return [base + "ம", base + "த்த", base + "ங்க"];
  }
  return [q.replace(/[\u0BCD\u0BC1]$/, "")];
}
```

இரண்டு சொற்களை எழுதினால் இடைவெளியில் பிரித்து ஒவ்வொன்றையும் இதற்குள் அனுப்ப வேண்டும். `normalize` என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். "கொழுக்கட்டை"யின் "கொ" சில கோப்புகளில் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும், சிலவற்றில் முன்னால் தெரியும் கொம்பும் பின்னால் தெரியும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகியிருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிடும்போது இரண்டும் வேறு. தேடும் சொல்லையும் தேடப்படும் கோப்பையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் பொருந்தும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. "பால்" என்று தேடினால் பாலக்கீரையும் வரும். இதைத் தடுக்க விதிமேல் விதி சேர்ப்பதைவிட, எழுதிய சொல் அப்படியே தலைப்பில் இருக்கும் குறிப்பை முதலிலும், பொருள்களில் இருப்பதை அடுத்தும், மற்றவற்றைக் கடைசியிலும் காட்டுவது நல்லது. வேண்டாதது பட்டியலின் அடியில் கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. "எண்ணெய்க்" என்பதில் வருவது போன்ற சந்தி எழுத்தையும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டினால் "கேக்" என்பது "கே" ஆகி, கேரட்டும் கேசரியும் கேழ்வரகும் சேர்ந்து வரும். அந்த விதியை வைக்காமல் இருப்பதே மேல்.

எந்த விதிக்கும் அடங்காத ஒன்று இன்னும் பாக்கி. ஒருவர் கத்தரிக்காய் என்கிறார், இன்னொருவர் கத்திரிக்காய் என்கிறார். கறிவேப்பிலை, கருவேப்பிலை, சர்க்கரை, சக்கரை. தமிழ் கீபோர்டு வைத்துக்கொள்ளாதவர் `kathirikkai` என்றோ `brinjal` என்றோ எழுதுவார். இவற்றைப் பிழை என்று ஒதுக்க முடியாது. வீட்டில் பேசுகிறபடி எழுதுகிறார்கள். இதற்கு மனிதர் உட்கார்ந்து எழுதிய பட்டியல்தான் தீர்வு. ஒவ்வொரு பொருளுக்கும் மற்றப் பெயர்களை ஒருமுறை எழுதி, தேடல் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். நானூறு குறிப்புகள் இருந்தாலும் பொருள்கள் நூற்றைம்பது, இருநூறுக்குள் அடங்கிவிடும். ஒரு பிற்பகல் வேலை. மற்ற எல்லா நுணுக்கத்தையும்விட அதிகப் பலன் தருவது இதுதான்.

பெட்டியை வைத்த பிறகு, எதுவும் கிடைக்காமல் போன தேடல்களைப் பதிவுசெய்து பார்க்க வேண்டும். தேடும் சொல் பக்க முகவரியில் `?q=` என்று வரும்படி செய்தால், கூகுள் அனலிடிக்ஸ் போன்ற கருவிகள் அதைக் குறித்துக்கொள்ளும். பதில் பூஜ்யம் என்று வந்ததை மட்டும் தனியே எழுதிவைக்க ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கும். தளத்தில் வேறு பெயரில் இருப்பவை முதல் வகை. அவற்றை மற்றப் பெயர்ப் பட்டியலில் சேர்த்தால் முடிந்தது. உண்மையிலேயே தளத்தில் இல்லாதவை இரண்டாவது வகை. அடுத்து எந்தக் குறிப்பை எழுத வேண்டும் என்று வாசகரே சொல்லிவிட்டார். மூன்று மாதமாகப் பதிவைப் பார்த்தும் தேடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள், தேடியவையும் சாம்பார், ரசம், பாயசம் என்று தலைப்பிலேயே இருக்கும் சொற்கள்தான் என்றால், பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அகரவரிசைப் பட்டியலுக்கு ஒரு இணைப்பை வைத்துவிடலாம்.