ஒரு வருட லாரி வாடகைக்குக் கொட்டேஷன் கேட்பது எப்படி?

"கோயம்புத்தூர்ல இருந்து சென்னைக்கு ஒரு லோடுக்கு என்னங்க ரேட்?" பல கம்பெனிகளில் டிரான்ஸ்போர்ட் கொட்டேஷன் இந்த ஒரு வரியில் ஆரம்பித்து இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடுகிறது. நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் ஒரு வருடத்துக்கு எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கும்போது அந்த டிரான்ஸ்போர்ட்காரர் வண்டி போடுவதில்லை. அவசரத்துக்கு வெளியே பிடிக்கும் லாரி எழுதி வாங்கிய ரேட்டை விடப் பல ஆயிரம் கூடுதலாகக் கேட்கும். பழி டிரான்ஸ்போர்ட்காரர் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் கோளாறு அனுப்பிய கடிதத்திலேயே இருக்கிறது. என்ன சரக்கு, எத்தனை வண்டி, எந்த மாதம் என்று எதுவும் சொல்லாமல் கேட்ட ரேட்டுக்கு அந்த அளவுதான் பெறுமானம்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கோவையில் வெட் கிரைண்டரும் மிக்ஸியும் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. சரக்கு சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறது. இனி வரும் ரேட்டுகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, சந்தை நிலவரம் அல்ல.

முதலில் தீர்க்க வேண்டியது எந்த வண்டி என்பது. லாரி உலகம் வண்டியை அடியால் அளக்கிறது: 14 அடி, 17 அடி, 19 அடி, 32 அடி கண்டெய்னர். 32 அடியில் இரண்டு வகை உண்டு. சிங்கிள் ஆக்சில் சுமார் 7 டன் ஏற்றும், மல்டி ஆக்சில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றும். உள்ளே இடம் ஏறக்குறைய ஒன்றுதான். 32 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் 2,048 கன அடி. பெட்டிகளை அடுக்கும்போது விழும் சந்துகளைக் கழித்தால் 1,740 கன அடி கைக்கு வரும்.

நம் டேபிள்டாப் கிரைண்டர் ஒரு பெட்டி 12 கிலோ, 2.5 கன அடி என்று வைத்துக்கொள்வோம். வண்டி முழுக்கக் கிரைண்டரை அடுக்கினால் கிட்டத்தட்ட 700 பெட்டி பிடிக்கும், எடை 8.4 டன். சிங்கிள் ஆக்சிலுக்கு இது ஓவர்லோடு. மல்டி ஆக்சில் எடுத்தால் மீதி எடைத்திறனுக்கு வீணாக வாடகை கொடுக்கிறோம். மிக்ஸியோ ஒரு பெட்டி 5 கிலோ, 1.5 கன அடி. அதை மட்டும் அடுக்கினால் 5.8 டன்னிலேயே இடம் தீர்ந்துவிடும். இரண்டையும் கலந்து 325 கிரைண்டரும் 615 மிக்ஸியும் ஏற்றினால் எடையும் இடமும் ஒரே சமயத்தில் நிறைகின்றன: 6,975 கிலோ, 1,735 கன அடி. ஆகவே கடிதத்தில் "7 டன் லோடு" என்று மட்டும் எழுதினால் போதாது. பெட்டியின் அளவு, எடை, எந்தச் சரக்கோடு எது சேர்ந்து போகும் என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கணக்கைப் போடும் கம்பெனிக்கு ரேட் பேசாமலேயே சில லோடுகள் மிச்சமாகும்.

அடுத்து வழித்தடம். கோவை–சென்னை என்றால் சுமார் 500 கிலோமீட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். டிரான்ஸ்போர்ட்காரர் தெரிந்துகொள்ள விரும்புவது அது அல்ல. சரக்கு ஒரே குடோனில் இறங்குகிறதா, மூன்று கடைகளில் இறங்குகிறதா? குடோன் நகரத்துக்கு உள்ளேயா, வெளியேயா? கனரக வண்டி பகலில் உள்ளே நுழையக் கட்டுப்பாடு இருக்கும் இடமென்றால், காலை 10 மணிக்கு வந்த வண்டி இரவு வரை நிற்க வேண்டியிருக்கும். இறக்குக்கூலி யார் தலையில்? எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் சார்ஜ், ஒரு நாளைக்கு எவ்வளவு? இவற்றைச் சொல்லாமல் விட்டால் அனுபவசாலி ஒருவர் பயந்து ரேட்டில் கூட்டிப் போடுவார். அனுபவமில்லாதவர் குறைத்துப் போட்டுவிட்டு, பில் கொடுக்கும்போது சண்டைக்கு வருவார்.

எத்தனை லோடு என்பதை வருட மொத்தமாகச் சொல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. சென்னைக்கு வருடம் 300 லோடு என்றால் மாதம் 25 என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் ஜூனில் 15 போயிருக்கும், தீபாவளிக்கு முந்தைய மாதம் 50 போயிருக்கும். மற்ற கம்பெனிகளும் லாரிக்கு அலையும் அதே மாதம் அது. கடந்த இரண்டு வருடத்து எல்.ஆர். நகல்களை எடுத்து மாதவாரியாக எண்ணி, ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை வண்டி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த எண்ணிக்கை உத்தேசம்தான், உத்தரவாதம் அல்ல என்றும் எழுதுங்கள். வராத லோடை நம்பி ஒருவர் வண்டி வாங்கிக் கடனில் மாட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

டீசலுக்கு வருவோம். 2017 ஜூனில் பெட்ரோல், டீசல் விலையை நாள்தோறும் மாற்றும் முறை நாடு முழுக்க நடப்புக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு ரேட்டைக் கட்டிப்போடுவது அதனால் இரு பக்கமும் ஆபத்து. விலை ஏறினால் வாடகையில் எவ்வளவு ஏறும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். சென்னை வாடகை 24,000 ரூபாய், அதில் டீசலின் பங்கு 40 சதவீதம் என்று ஒப்புக்கொண்டால் 9,600 ரூபாய்தான் டீசல். விலை 4 சதவீதம் ஏறினால் 384 ரூபாய் கூட்டுவது நியாயம். பலர் மொத்த வாடகையிலும் 4 சதவீதத்தைக் கூட்டி 960 கொடுத்துவிடுகிறார்கள். ஒரு லோடுக்கு 576 ரூபாய் என்றால் 300 லோடுக்கு 1,72,800. எந்த ஊர் விலை, எந்தத் தேதி விலை அடிப்படை, எத்தனை சதவீதம் மாறினால் கணக்கு பார்ப்பது ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, இறங்கினால் குறையும் என்றும் எழுதிவிட்டால் நடுவில் பேச்சே வராது. சுங்கக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்பது நல்லது. நம் மாநிலத்தில் சில சாவடிகளில் ஏப்ரலிலும் சிலவற்றில் செப்டம்பரிலும் அது மாறும்.

இப்போது கொட்டேஷன்கள் வந்துவிட்டன. மூன்று பேர். சென்னைக்கு முதலாமவர் 24,000, இரண்டாமவர் 25,500, மூன்றாமவர் 26,000. ஹைதராபாத்துக்கு அதே வரிசையில் 56,000, 50,000, 52,000. நாகர்கோவிலுக்கு 19,000, 21,000, 16,000. மூன்று ரேட்டையும் கூட்டிப் பார்த்தால் 99,000, 96,500, 94,000. மூன்றாமவர்தான் மலிவு என்று தோன்றும்.

லோடு எண்ணிக்கையால் பெருக்குங்கள். சென்னை 300, ஹைதராபாத் 100, நாகர்கோவில் 40. முதலாமவருக்கு வருடம் 135.6 லட்சம், இரண்டாமவருக்கு 134.9 லட்சம், மலிவாகத் தெரிந்த மூன்றாமவருக்கு 136.4 லட்சம். மூவரில் அவர்தான் அதிகம். அடிக்கடி போகாத நாகர்கோவிலில் குறைத்துக் காட்டி, தினமும் போகும் சென்னையில் ஏற்றியிருக்கிறார். வழித்தடவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் குறைந்த ரேட்காரரிடம் கொடுத்தால் 128.4 லட்சம். ஆறரை லட்சம் மிச்சம். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் உரிமை நமக்கு உண்டு என்று கடிதத்தில் முன்பே எழுதியிருந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

ஆனாலும் சென்னை முழுவதையும் ஒருவரிடம் கொடுக்க நான் சொல்லமாட்டேன். 30 சதவீதத்தை, அதாவது 90 லோடை, 25,500 கேட்ட இரண்டாமவரிடம் கொடுத்தால் கூடுதல் செலவு 1,35,000. ஒருவரையே நம்பியிருந்து, சீசனில் அவர் 30 லோடுக்கு வண்டி போடாமல், வெளியில் 32,000 கொடுத்துப் பிடித்தால் நஷ்டம் 2,40,000. இரண்டாவது ஆளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு இல்லை.

வண்டி போடுவார் என்பதை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வது? சொந்த வண்டி எத்தனை, ஒப்பந்தத்தில் ஓடும் வண்டி எத்தனை, புரோக்கர் மூலம் சந்தையில் பிடிப்பது எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். ஆர்.சி. நகல் வாங்கி, உரிமையாளர் பெயரையும் எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளையும் சரிபாருங்கள். போன தீபாவளி மாதத்தில் இன்னொரு கம்பெனிக்குக் கேட்ட வண்டி எத்தனை, போட்டது எத்தனை என்று அந்தக் கம்பெனியிடமே விசாரியுங்கள். மிகக் குறைந்த ரேட் வந்தால் ரிட்டர்ன் லோடைப் பற்றிக் கேளுங்கள். சென்னைக்கு ஒருவழிக்கே 100 லிட்டர் அளவு டீசல் ஆகும். திரும்பி வர நிரந்தர லோடு வைத்திருப்பவரால் குறைத்துக் கொடுக்க முடியும். அது இல்லாமல் குறைத்தவர் நாலு மாதத்தில் நின்றுவிடுவார்.

மதிப்பெண் முறையையும் கடிதத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். வாடகைக்கு 60, வண்டி போடும் திறனுக்கு 25, குறித்த நாளில் சேர்ப்பதற்கும் சேதத்துக்கும் 15 என்பது இந்தச் சரக்குக்குப் பொருத்தமாக இருக்கும். பணம் எத்தனை நாளில் கொடுப்போம் என்பதை எல்லோருக்கும் ஒன்றுபோல நிர்ணயித்துவிட வேண்டும். டீசலும் டிரைவர் பேட்டாவும் வண்டி கிளம்பும்போதே ரொக்கமாகப் போய்விடுகின்றன. நாம் 60 நாள் இழுத்தால் அந்த வட்டி ரேட்டில் வந்து உட்காரும். 30 நாள் என்று எழுதிச் சொன்னபடி கொடுக்கும் கம்பெனிக்குத் தட்டுப்பாட்டு மாதத்திலும் வண்டி வரும். இது என் உறுதியான எண்ணம்.

சேதத்தைப் பற்றி ஒன்று. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன் கீழ் வந்த 2011 விதிகளின்படி, கூடுதல் கட்டணம் கொடுத்து அதிகப் பொறுப்பை ஏற்கச் செய்யாதவரை, பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நிற்கிறது. 24,000 ரூபாய் வாடகைக்கு 2,40,000. உள்ளே இருக்கும் கிரைண்டரும் மிக்ஸியும் அதைப் போல் பல மடங்கு. ஆகவே டிரான்ஸிட் இன்சூரன்ஸ் நம்முடையதா, அவர்களுடையதா என்று கொட்டேஷன் கேட்கும்போதே தீர்மானியுங்கள்.

கடிதம் அனுப்பிய பிறகு எல்லோரையும் ஒரு நாள் தொழிற்சாலைக்கு அழைத்து, லோடிங் நடக்கும் இடத்தைக் காட்டுங்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலை எல்லோருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். கொட்டேஷன்களை மூடிய உறையில் வாங்கி, ஒரே நாளில் பிரியுங்கள். ஒருவர் போட்ட ரேட்டை இன்னொருவரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்வது பலர் செய்யும் காரியம். அடுத்த வருடம் எல்லோரும் அதற்கென்றே சேர்த்துப் போட்டு ஆரம்பிப்பார்கள், உண்மையான ரேட் நம் கண்ணில் படவே படாது. ஒப்பந்தம் கிடைக்காதவர்களுக்கும் எதில் பின்தங்கினார்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பிப்ரவரியில் கடிதம் போய் மார்ச் நடுவில் முடிவானால், ஏப்ரல் முதல் தேதி புது ரேட்டில் வண்டி ஓடும்.