வெள்ளை மூடியும் வெள்ளை ஓரமும்

பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஒரு படத்தை வைத்து, மூடி, ஸ்கேன் செய்து, பெயர் கொடுத்துச் சேமிக்க இரண்டு நிமிடம். வீட்டில் 300 படங்கள் இருந்தால் பத்து மணி நேரம். ஸ்கேனரின் கண்ணாடியோ ஏ4 அளவுக்கு விரிந்து கிடக்கிறது. மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படங்கள் நான்கை அதில் தாராளமாக வைக்கலாம். நான்கையும் சேர்த்து ஒரே ஸ்கேனாக எடுத்துவிட்டு, பிறகு கணினியிலேயே பிரித்துக்கொண்டால் என்ன?

தாராளமாகச் செய்யலாம். அந்த நான்கையும் தானாகவே கண்டுபிடித்து, சாய்ந்திருந்தால் நேராக்கி, தனித்தனிக் கோப்புகளாகத் தரும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பழைய படங்களில் அது அடிக்கடி சறுக்கும். அப்போது பெரும்பாலோர் மென்பொருளைத் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் ஸ்கேனரின் மூடிதான்.

மூடியின் உட்பக்கம் வெள்ளையாக இருக்கும். இப்போது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் இருக்கும். இருட்டறையில் பிரின்ட் போடும்போது தாள் அசையாமல் இருக்க, அதன் விளிம்புகளை ஒரு சட்டம் அழுத்திப் பிடிக்கும். அந்தச் சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் படாத இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். அந்த வெள்ளை ஓரம் வெள்ளை மூடிக்கு எதிரே கவிழ்த்து வைக்கப்படும்போது, படம் எங்கே முடிகிறது, மூடி எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குத் தெரியாது.

இதைப் புரிந்துகொள்ள, மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும். முதலில் அது பின்னணியின் நிறத்தைக் கணிக்கிறது. அந்த நிறத்திலிருந்து மாறுபடும் புள்ளிகளை எல்லாம் குறித்துக்கொள்கிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளிகளைச் சேர்த்து ஒரு திட்டாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு திட்டையும் சுற்றி, இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும் மிகச் சிறிய செவ்வகத்தை வரைகிறது. செவ்வகம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, அத்தனை பாகை எதிர்ப்பக்கம் திருப்பி வெட்டுகிறது. மென்பொருளுக்கு மென்பொருள் நுணுக்கம் மாறலாம், அடிப்படை இதுதான். முகமோ கட்டடமோ தொடுவானமோ அதற்குத் தெரியாது. தாளின் விளிம்பு மட்டுமே தெரியும்.

ஒரு ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியில் நான்கு படங்கள்: வெள்ளை ஓரம் வைத்த ஒரு கல்யாணப் படம், அதேபோல் ஓரம் வைத்த ஒரு பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, ஓரமே இல்லாத ஒரு கொடைக்கானல் ஏரிக் கலர் படம், ஒரு பாஸ்போர்ட் சைஸ். மூடி போட்டு, வெள்ளைப் பின்னணியில் எடுத்துப் பிரிக்கச் சொல்கிறோம். கல்யாணப் படம் ஓரத்தை இழந்து வருகிறது. ஓரம் போனால் போகட்டும் என்று விட முடியாது. ஸ்டூடியோவின் முத்திரையும், யாரோ பேனாவால் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். குரூப் போட்டோவுக்கும் அதே கதி. ஏரிப் படத்தில் இன்னும் மோசம். மேலே பாதி வானம், அதுவும் நிறம் வெளுத்துப்போன வானம். அதைப் பின்னணி என்று நினைத்து வெட்டித் தள்ளிவிடுகிறது. மேல் இடது மூலை மட்டும் வானத்தோடு கரைந்துபோனால் செவ்வகமே கோணலாகி, நேராக வைத்த படம் சாய்ந்து வெளிவரும். நாம் நேராக வைத்தது கோணலாக வந்தால், ஏதோ ஒரு மூலை பின்னணியோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். பாஸ்போர்ட் படம் மட்டும் ஒழுங்காக வருகிறது, அதுவும் பின்னால் நீலத் திரை இருந்ததால்.

மருந்து எளிது. ஸ்டேஷனரி கடையில் ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி, கண்ணாடியைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். பளபளப்பில்லாத சார்ட்தான் வேண்டும். படங்களைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சார்ட்டைப் போட்டு, பிறகு மூடியை மூடுங்கள். வெள்ளை ஓரம் இப்போது கறுப்பின் நடுவே பளிச்சென்று தெரியும். அலை அலையாக வெட்டிய ஓரம் உள்ள படங்களுக்கும் இதுவே சரி. மென்பொருள் அலைகளின் முனைகளைத் தொட்டுச் செவ்வகம் போட்டுக்கொள்ளும். சார்ட்டால் இன்னொரு லாபமும் உண்டு. மெல்லிய தாளின் பின்புறம் மையால் எழுதியிருந்தால், வெள்ளை மூடி அதை முன்பக்கம் லேசாகத் தெரியவிடும். கறுப்பு அதை அடக்கிவிடும்.

ஆனால் கறுப்பு எல்லாவற்றுக்கும் ஆகாது. ஓரமில்லாத கலர் படத்தில், விளிம்பை ஒட்டி ஒருவர் கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றாலோ, ஃபிளாஷ் போட்டு இரவில் எடுத்த படமாக இருந்தாலோ, முன்பு வானம் கரைந்ததுபோல் இப்போது இருட்டு கரையும். அதனால் ஸ்கேன் செய்ய உட்காரும் முன்பே படங்களை மூன்று கட்டாகப் பிரித்துவிடுவது நல்லது. வெள்ளை ஓரம் உள்ளவையும் வானம் வெளுத்தவையும் கறுப்புச் சார்ட்டுக்கு. விளிம்பு இருண்டவை வெறும் வெள்ளை மூடிக்கு. இரண்டும் கலந்த விடாக்கண்டன்கள் தனிக் கட்டு. அவற்றைக் கையால் வெட்டிக்கொள்ளலாம், பெரும்பாலும் அவை கொஞ்சம்தான் இருக்கும்.

வைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். படங்கள் ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் ஒரே திட்டாகி, ஒரே கோப்பில் ஜோடியாக வந்து நிற்கும். குறைந்தது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு விரல் அகலம் விட்டால் கவலையே இல்லை. கண்ணாடியின் சட்டத்தில் ஒட்டியும் வைக்காதீர்கள். பல ஸ்கேனர்கள் விளிம்பில் ஓரிரண்டு மில்லிமீட்டரைப் படிப்பதே இல்லை. படத்தின் ஓரம் அங்கேயே பறிபோகும். கண்ணாடியில் கிடக்கும் தூசையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நூல்கூடத் தனித் திட்டாகி, ஐந்தாவது படமாக வரும்.

படத்தை அச்சு அசலாக நேராக வைக்க மெனக்கெட வேண்டாம், ஆனால் கண்டபடி போடவும் வேண்டாம். ஐந்து அங்குல நீளப் படம் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், ஒரு முனை மற்ற முனையைவிட 2.2 மில்லிமீட்டர் விலகி நிற்கும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கோணல் அது. மென்பொருள் அதை நேராக்கும்போது எல்லாப் புள்ளிகளையும் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு புதிதாகக் கணக்கிடுகிறது. அதனால் படம் கடுகளவு மங்கும். ஒரு தடவை திருப்பினால் தெரியாது. ஒரு பாகை இப்படி, அரைப் பாகை அப்படி என்று திரும்பத் திரும்பச் செய்தால் முகங்களின் கூர்மை போய்விடும். சரியாக வரவில்லை என்றால் பின்வாங்கி, மூலத்திலிருந்து மறுபடி ஒரே தடவை திருப்புங்கள். கால் வட்டமாக, அதாவது 90 பாகை திருப்புவதில் இந்தச் சேதம் கிடையாது. தலைகீழாக வந்த படத்தை நிமிர்த்துவது உங்கள் வேலைதான். எது மேல், எது கீழ் என்பது விளிம்பை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது.

ஸ்கேனர் அமைப்பில் 600 டிபிஐ, டிஃப் கோப்பு என்று வையுங்கள். தானாக வெளிச்சமும் நிறமும் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். நான்கு படத்தையும் நடுவிலுள்ள கறுப்பையும் சேர்த்து ஒன்றாகக் கணக்குப் போட்டுத்தான் அது திருத்தும். கறுப்பு அதிகமாக இருப்பதால், நல்ல படத்தையும் வெளுக்க வைக்கும். திருத்தம் எல்லாம் பிரித்த பிறகு, படத்துக்குப் படம்.

இனி பிரிப்பது. ஃபோட்டோஷாப் இருந்தால் `File > Automate > Crop and Straighten Photos`. ஒவ்வொரு படமும் தனிச் சன்னலில் திறக்கும். மூல ஸ்கேன் அப்படியே இருக்கும். பிரிந்தவற்றை நாம்தான் சேமிக்க வேண்டும். எலிமென்ட்ஸ் பதிப்பில் அதே வேலைக்கு `Image > Divide Scanned Photos`. காசு கொடுக்க விரும்பாதவர்களுக்கு கிம்ப் இருக்கிறது; ஆனால் அதில் இந்த வசதி கூடவே வருவதில்லை. `DivideScannedImages` என்ற துணை நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அது நேராக்கியும் தர `deskew` என்ற இன்னொன்றும் வேண்டும். அதற்கு முன் உங்கள் ஸ்கேனரோடு வந்த மென்பொருளைத் துழாவிப் பாருங்கள். பலவற்றில் படங்களைத் தானாகப் பிரிக்கும் தெரிவு உள்ளேயே ஒளிந்திருக்கும்; அது இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

தனிக் கட்டில் ஒதுக்கிய விடாக்கண்டன்களுக்கு கிம்ப் போதும். படத்தைச் சுற்றி, கொஞ்சம் பின்னணியும் சேரும்படி கட்டம் போட்டு நகலெடுத்து, `Edit > Paste as > New Image` கொடுங்கள். பிறகு அளவுக்கோல் கருவியை எடுத்து, படத்தின் ஒரு நீண்ட விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்து, `Straighten` பொத்தானை அழுத்துங்கள். கடைசியாக ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

இதே கருவி இன்னொரு சிக்கலுக்கும் உதவும். கையால் வெட்டிய பழைய பிரின்ட்களில், தாளே கோணலாக இருப்பது சகஜம். மென்பொருள் தாளை நேராக்கிவிடும். உள்ளே கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போது தாளின் விளிம்பை விட்டுவிட்டு, கோபுரத்தையோ கதவு நிலையையோ தூணையோ அளந்து நேராக்க வேண்டும். என் கருத்தில், ஓரத்தில் முத்திரையோ எழுத்தோ இருந்தால் தாளை நேராக வைத்து, சாய்வை அப்படியே விட்டுவிடுவதே மேல். சாய்வும் அந்தப் படத்தின் வயதுக்குரியதுதானே.

படங்கள் பிரிந்ததும் பலர் செய்யும் ஒரு காரியம் உண்டு: இடம் அடைக்கிறது என்று மூல ஸ்கேனை அழித்துவிடுவார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஏதோ ஒரு படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருப்பது ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும்; அதற்குள் ஆல்பம் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கும். மூலம் இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே மறுபடி வெட்டிக்கொள்ளலாம். ஏ4 முழுவதும் 600 டிபிஐயில் எடுத்த கலர் ஸ்கேன் ஒன்று ஏறத்தாழ 104 எம்பி. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அப்படி 500-க்கு மேல் வைக்கலாம்.