சோலார் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடலாம்?

மொட்டை மாடியில் சோலார் பேனல்களைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வரிசையாக நிறுத்தினால், முன்வரிசையின் நிழல் பின்வரிசை மேல் ஏறக்கூடாது. நிழல் வடக்கே மிக அதிகம் நீளும் நாள் டிசம்பர் 21. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 டிகிரியில் இருக்கும். அந்த நாளுக்கு இடைவெளி போதுமென்றால் ஆண்டு முழுவதற்கும் போதும்.

சென்னையின் அட்சரேகை 13.1. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 53.5 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆனால் காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளம் என்பதால் 9 மணிக்குக் கணக்குப் போட வேண்டும்:

```
sin(a) = sin(φ)·sin(δ) + cos(φ)·cos(δ)·cos(h)
```

இதில் φ அட்சரேகை 13.1, δ சூரியனின் இடம் -23.4. h என்பது நண்பகலிலிருந்து மணிக்கு 15 டிகிரி வீதம், 9 மணிக்கு 45. விடையாக வரும் சூரிய உயரம் a, 32.8 டிகிரி. அப்போது ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 1.55 மீட்டர்.

பலர் இந்த 1.55-ஐ அப்படியே எடுத்து இடத்தை வீணாக்குகிறார்கள். அந்த நேரத்தில் நிழல் வடமேற்கே சரிந்து விழுகிறது. வரிசைகள் கிழக்கு மேற்காக ஓடுவதால் வடக்கே போகும் பங்கு மட்டுமே நமக்குக் கணக்கு. சூரியன் தெற்கிலிருந்து 50.5 டிகிரி கிழக்கே இருப்பதால் 1.55-ஐ cos(50.5°) ஆல் பெருக்குகிறோம். கிடைப்பது 0.99. அதாவது, சென்னையில் உயரம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி.

உயரம் என்பது முன்வரிசையின் மேல் விளிம்புக்கும் பின்வரிசையின் கீழ் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம். 2.28 மீட்டர் நீளப் பேனலை 13 டிகிரி சாய்த்தால் அது 51 சென்டிமீட்டர். இடைவெளியும் ஏறக்குறைய அதே. காலை 8 மணிக்கும் நிழல் வேண்டாமென்றால் 71 ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை மேகத்தில் அந்த ஒரு மணி நேரத்து வெயிலுக்காக இடத்தை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேனலைக் கழுவ ஆள் நடக்க 60 விட்டாலே நிழல் பிரச்சினையும் தீர்ந்துவிடும். இதே பேனலுக்கு டெல்லியில் 89 வேண்டும். அங்குள்ள அட்டவணையை இங்கே பயன்படுத்தக் கூடாது.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கே போய்விடும். வடக்குப் பக்க மாடிப்படி அறையோ தண்ணீர்த் தொட்டியோ அப்போது தெற்கே நிழல் வீசும். பேனலைவிட 3 மீட்டர் உயர்ந்த சுவரென்றால் ஜூன் 21 காலை 9 மணிக்கு நிழல் ஒரு மீட்டர் தெற்கே வரும், 8 மணிக்கு 1.6 மீட்டர்.

கணக்கைக் குச்சி நட்டுச் சோதிக்கலாம். டிசம்பர் 21 அன்று சென்னையின் சூரிய நண்பகல் கடிகாரத்தில் சுமார் 12:07, எனவே 9:07-க்கு அளக்க வேண்டும். பேனல் மாட்டிய பிறகு, மேகமில்லாத டிசம்பர் காலைகளில் உற்பத்தி வரைபடம் ஒரே நேரத்தில் பள்ளமாகி, மார்ச்சில் அந்தப் பள்ளம் காணாமல் போனால் நிழல்தான் காரணம்.