கேப்ஷன்ல பாட்டு வரி போடலாமா?

சேலத்துல ஒரு தட்டுவடை செட் கடை இருக்குன்னு வெச்சுக்கோங்க. இன்ஸ்டாகிராம்ல போட்டோவுக்குக் கீழே கண்ணதாசனோட சினிமா பாட்டு வரி ஒண்ணு போடுறாங்க. நாலு வார்த்தைதானே, என்ன ஆகிடும்?

1957-ஆம் வருஷ பதிப்புரிமைச் சட்டப்படி பாடல் வரி ஒரு இலக்கியப் படைப்பு. மெட்டுக்கு உரிமை தனி, ஒலிப்பதிவுக்குத் தனி, வரிக்குத் தனி. அதனால "நான் பாட்டையே போடலையே, வரியை டைப்தானே பண்ணேன்"னு தப்பிக்க முடியாது. எழுதினவர் இறந்த வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை இருக்கும். கண்ணதாசன் மறைந்தது 1981. அப்போ 2041 முடியுற வரைக்கும் அந்த வரி யாரோ ஒருத்தருக்குச் சொந்தம்.

நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை கதை வேற. அவர் மறைந்தது 1972-ல. கணக்குப்படி 2032 வரை காத்திருக்கணும். ஆனா தமிழக அரசு அவரோட எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. அதனால அவர் வரியை இன்னைக்கே போடலாம்.

சினிமா வசனமும் பாட்டு வரி மாதிரிதான். படத்தோட உரிமைக்காலம் முடிஞ்சாலும், வசனத்துக்கு எழுதினவரோட கணக்கு தனியா ஓடும்.

"இத்தனை வார்த்தை வரைக்கும் ஓகே"ன்னு சட்டத்துல அளவு எதுவும் கிடையாது. எடுத்தது அந்தப் படைப்போட முக்கியமான பகுதியான்னுதான் பார்ப்பாங்க. பல்லவியோட முதல் வரின்னா, நாலு வார்த்தைனாலும் அதுதானே பாட்டோட முகம்? 2024-ல நயன்தாராவோட ஆவணப்பட டிரெய்லர்ல வந்த மூணு செகண்ட் காட்சிக்கு தனுஷ் தரப்பு 10 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பினதை ஞாபகம் வெச்சுக்கோங்க. அது வீடியோ, கேப்ஷன் இல்லை. ஆனா சின்னதுன்னா யாரும் கேட்க மாட்டாங்கங்கிற நம்பிக்கை தப்புன்னு காட்டுது.

சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி இதுக்கெல்லாம் சட்டத்துல விலக்கு இருக்கு. கடை விளம்பரம் அந்தப் பட்டியல்ல இல்லை. "நன்றி: கவிஞர்"னு போட்டாலும் அது அனுமதி ஆகாது. ஒரு வார்த்தையை மட்டும் மாத்தினாலும் ஆபத்துதான். படிக்கிறவங்க மனசுல மெட்டு ஓடுதுன்னா, நீங்க இன்னும் அந்தப் பாட்டுலதான் நிக்கிறீங்க.

அப்போ என்ன பண்றது? பழமொழி, பேச்சு வழக்கு, சிலேடை பக்கம் போங்க. பழமொழிக்கு உரிமையாளர் கிடையாது. உங்க பொருளோட பேருக்கு இன்னொரு அர்த்தம் இருக்கான்னு பாருங்க, அந்த அர்த்தம் வர்ற வழக்கைத் தேடுங்க, அப்புறம் ரெண்டையும் மோத விடுங்க. தட்டுவடைக்கு: "தட்டிக் கேட்க ஆளில்லையா? இங்க தட்டு கேட்டு வரிசையே நிக்குது!" நாமக்கல் முட்டைக் கடைக்கு: "பரீட்சையில முட்டையா? கொண்டு வாங்க, ஆம்லெட் போட்டுடலாம்."

போடுறதுக்கு முன்னாடி அந்த வரியை ஒரு தடவை கூகுள்ல தேடிப் பாருங்க. பாட்டோ படமோ வந்து நின்னா, வேற வரி யோசிங்க.