வட்டி கட்டினோம், அசல் அசையவில்லை

நகைக்கடன் தரும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "அஞ்சு வருஷமா மாசம் தவறாம கட்டுறேன் சார், இன்னும் அதே ஒரு லட்சமா?" என்பார் நகை வைத்தவர். கணினியைப் பார்த்தபடியே, "நீங்க கட்டினதெல்லாம் வட்டிம்மா, அசல் அப்படியேதான் இருக்கு" என்பார் கவுன்ட்டரில் இருப்பவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஏமாற்று எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஒரு லட்சம் கடனுக்கு அறுபதாயிரம் ரூபாய் கட்டிய பிறகும் ஒரு லட்சம் பாக்கி நிற்கிறது.

கணக்கு எளிது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம்; மாதம் ஒரு சதவீதம், ஆண்டுக்குப் பன்னிரண்டு. ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 1,000 ரூபாய். இந்த ஆயிரம், அடுத்தவர் பணம் ஒரு லட்சத்தை ஒரு மாதம் நாம் வைத்திருந்ததற்கான கூலி. ஆயிரத்தைக் கட்டியதும் அந்த மாதத்தின் கணக்கு தீர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அதே ஒரு லட்சத்தின் மேல் அடுத்த மாதக் கணக்கு ஓடத் தொடங்குகிறது. வீட்டு வாடகையைப் பத்து வருடம் கட்டினாலும் வீட்டில் ஒரு செங்கல்கூட நமக்குச் சொந்தமாவதில்லை, அப்படித்தான் இதுவும்.

அசல் எப்போது குறையும்? நாம் கட்டும் பணம், கடன் கொடுத்தவர் கணக்கில் ஒரு வரிசைப்படி பிரிகிறது. அபராதமோ வேறு கட்டணமோ இருந்தால் பெரும்பாலும் அதற்கு முதலில் போகும். பிறகு அன்று வரை சேர்ந்த வட்டிக்கு. அதையும் தாண்டி மிஞ்சுவதுதான் அசலைத் தொடும். வட்டி ஆயிரம், கட்டியதும் ஆயிரம் என்றால் மிச்சம் பூஜ்யம். எத்தனை வருடம் கட்டினாலும் பூஜ்யம்தான்.

இதே கடனுக்கு மாதம் 2,000 கட்டுகிறார் ஒருவர் என்று பாருங்கள். முதல் மாதம் ஆயிரம் வட்டிக்குப் போக, ஆயிரம் அசலில் கழிந்து பாக்கி 99,000 ஆகிறது. இரண்டாம் மாத வட்டி 990 தான். அதனால் 1,010 ரூபாய் அசலில் கழிகிறது. மூன்றாம் மாதம் 1,020. தொடக்கத்தில் ஆமை வேகம்தான். ஆனால் வட்டி குறையக் குறைய அதே இரண்டாயிரத்தில் அசலுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே வரும். எழுபதாவது மாதத்தில் கடன் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்தத்தில் அவர் கட்டிய வட்டி 39,300 ரூபாய்க்குப் பக்கம். ஆயிரம் மட்டும் கட்டி வந்தவரோ அதே எழுபது மாதத்தில் 70,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். ஒரு லட்சமும் அப்படியே நிற்கும்.

இரண்டாயிரம் முடியாது, ஐந்நூறுதான் கூடுதலாக முடியும் என்பவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. மாதம் 1,500 கட்டினால் ஒன்பது வருடத்துக்குச் சற்று மேல் ஆகும், ஆனால் தீரும். வட்டிக்கு மேல் ஐந்நூறு போடுகிற கடனுக்கு ஒரு முடிவு உண்டு. வட்டி மட்டும் கட்டுகிற கடனுக்கு இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூடுதலாகக் கட்டும் பணம் அசலில்தான் வரவு வைக்கப்பட்டதா என்று ரசீதைப் பார்க்க வேண்டும். அசல் பாக்கி குறைந்திருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் கூடுதல் தொகையை அடுத்த மாத வட்டிக்கான முன்பணமாக எழுதிவிடுவார்கள், அசல் அசையாது.

வட்டி மட்டும் கட்டுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அறுவடைக்கு அறுவடை கையில் பணம் பார்க்கும் விவசாயிக்கு மாதத் தவணை ஒத்துவராது. விதைப்புக்கு வாங்கி, விளைந்ததும் அசலும் வட்டியுமாக ஒரே தடவையில் கட்டி நகையைத் திருப்புவதுதான் அவருக்குத் தோது. வங்கிக்காரர்கள் இதை 'புல்லட்' முறை என்பார்கள். இந்த முறைக்குத் தேவை ஒன்றே ஒன்று: முடிவு நாளில் அசல் எங்கிருந்து வரும் என்பது கடன் வாங்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வாங்கிய கடனில் அந்த அறுவடை கிடையாது. அப்போதுதான் மறு அடகு வருகிறது.

வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகையை 'மாற்றி வைப்பது' நம்மூரில் பல வீடுகளுக்குப் பழக்கம். காகிதத்தில் என்ன நடக்கிறது? பழைய கடன் முடிந்ததாக எழுதி, அதே நகையின் மேல் அதே தொகைக்குப் புதிய கடன் போடுகிறார்கள். புதிய எண், புதிய தேதி, புதிய ரசீது. ஒரு லட்சம் ஒரு கணக்கில் வரவாகி இன்னொன்றில் பற்றாகிறது. நம் கைக்கு வருவதுமில்லை, கையிலிருந்து போவதுமில்லை. பழைய ரசீதில் 'முடிந்தது' என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு ஏதோ பாரம் இறங்கியது போல வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தின் உண்மையான எடை 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பலருக்குத் தெரிந்தது. அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டி நகையை மீட்ட பிறகுதான் மீண்டும் அடகு வைக்கலாம் என்று தமிழ்நாட்டில் வங்கிகள் சொல்லத் தொடங்கின. வருடத்துக்கு 12,000 ரூபாயைப் புரட்டிப் பழகிய குடும்பம் ஒரே நாளில் 1,12,000 ரூபாய்க்கு எங்கே போகும்? ஒரு நாள், இரண்டு நாள் கைமாற்றுக்கு வெளியில் வட்டிக்கு வாங்கி, கட்டி, மீட்டு, திரும்ப வைத்து, அந்தப் பணத்தில் கைமாற்றை அடைத்தவர்கள் உண்டு.

எதிர்ப்பு கிளம்பியது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், சேர்ந்திருக்கும் வட்டியைக் கட்டிவிட்டால் கடனைப் புதுப்பிக்கலாம் என்கின்றன. கடன் வாங்கியவர் அதற்குக் கேட்டுக்கொள்ள வேண்டும், நகையின் மதிப்பும் போதுமானதாக இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்காக வாங்கும் கடனில் அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் முறைக்குப் பன்னிரண்டு மாதம்தான் உச்சவரம்பு. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். ஆனால் மொத்தமாகக் கட்டும் முறையில் அந்த 85க்குள் முடிவில் சேரப்போகும் வட்டியும் அடங்க வேண்டும். ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்கு, பன்னிரண்டு சதவீத வட்டியில், கையில் கிடைப்பது சுமார் 75,900 ரூபாய்தான். "85 சதவீதம்னு சொன்னாங்களே" என்று சண்டை போடுவதில் பயனில்லை. மிச்சத்தில் வரப்போகும் வட்டிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வட்டியைக் கட்டிவிட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும் என்று விதி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பவுன் விலை ஏறும் காலத்தில் அதே நகைக்குக் கூடுதலாகத் தர ஆள் இருக்கும். அந்தக் கூடுதல் பணத்திலேயே வட்டியை அடைத்துவிடலாம் என்று தோன்றும். கையிலிருந்து ஒரு பைசா போகாது. ஆனால் முதல் வருட வட்டி 12,000 அசலோடு சேர்ந்து 1,12,000 ஆகும். அடுத்த வருட வட்டி 13,440. அதுவும் சேர்ந்தால் 1,25,440. இப்படியே ஐந்தாம் வருட முடிவில் 1,76,234 ரூபாய். வட்டியைக் கட்டி வந்தவருக்கு அசலாவது அசையாமல் நின்றது. இவருக்கு அது வளர்கிறது. தங்கம் விலை ஏறுவதால் வலி தெரிவதில்லை. விலை நின்றுவிட்டால் அடுத்த புதுப்பித்தலுக்கு நகையின் மதிப்பு போதாது.

சரி, திருப்பும் நாளுக்கு வருவோம். அன்று கட்ட வேண்டியது ஒரு லட்சம் மட்டுமல்ல. கடைசியாக வட்டி கட்டியது மாதத்தின் பத்தாம் தேதி, திருப்பப் போவது இருபத்தெட்டாம் தேதி என்றால், இடைப்பட்ட பதினெட்டு நாளுக்கும் வட்டி உண்டு. பன்னிரண்டு சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு நாள் வட்டி 32 ரூபாய் 88 பைசா. பதினெட்டு நாளுக்கு 592. ஆக 1,00,592 ரூபாய், அதற்கு மேல் ஒப்பந்தத்தில் உள்ள கட்டணங்கள். கணக்கு முடிக்கும் தொகை எவ்வளவு என்று முந்தின நாள் கேட்டுவிட்டு மறுநாள் போனால் ஒரு நாள் வட்டி கூடியிருக்கும். சில கம்பெனிகளில் முப்பது நாளுக்குள் வட்டி கட்டினால் ஒரு விகிதம், தாண்டினால் அதைவிடக் கூடுதல் விகிதம் என்று படிப்படியாக ஏறும். அங்கே கணக்கு இன்னும் வேறாக இருக்கும். ரசீதின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டிய இடம் அது.

பணத்தைக் கட்டியதும், எடை போட்டுப் பார்த்து, திருகாணி உட்பட எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்து நகையை வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய விதிப்படி முழுதும் கட்டிய ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

கட்ட முடியாமல் போனால் ஏலம். அதற்குமுன் முறையாகத் தெரிவிக்க வேண்டும். ஏலத்தின் தொடக்க விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85. கடனும் செலவும் போக மிஞ்சுவது நகைக்காரருக்குச் சேர வேண்டும்.

ஏலம் வரை போகாமல் அசலை அடைக்க, அனுபவஸ்தர்கள் அடகு வைக்கும் நாளிலேயே ஒரு காரியம் செய்வார்கள். ஒரே ரசீதில் எல்லா நகையையும் வைக்க மாட்டார்கள். ஒரு லட்சம் தேவை என்றால் சங்கிலியை ஒரு ரசீதில் 60,000 ரூபாய்க்கும், வளையலை இன்னொன்றில் 40,000 ரூபாய்க்கும் தனித்தனியாக வைப்பார்கள். ஒரே ரசீதாக இருந்தால், பாதி அசலைக் கட்டினாலும் பாதி நகையைப் பிரித்துத் தருவது பல இடங்களில் வழக்கமில்லை. இரண்டாக இருந்தால், சீட்டுப் பணமோ போனஸோ வரும்போது 40,000 ரூபாயைக் கட்டி வளையலைத் திருப்பிவிடலாம். அடுத்த மாதம் முதல் வட்டி ஆயிரத்திலிருந்து அறுநூறாகும். முன்பு கட்டிய அதே ஆயிரத்தை விடாமல் கட்டினால், மிஞ்சும் நானூறு சங்கிலியின் அசலில் கழியத் தொடங்கும்.