மேல்நிலைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது ஏன்?

பொங்கலுக்கு முன் மொட்டைமாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவ உதவுமாறு உங்கள் குடியிருப்பில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். நீரை வெளியேற்றினால் போதாதா எனத் தோன்றலாம். போதாது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. சிறு கரும்புள்ளிகளாகத் தெரியும் அவை நீரின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். தொட்டி நிரம்பி நீர் தொட்டதும் பொரிக்கும். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் அளவும் அவற்றை அழிக்காது. எனவே நீர்க்கறைக்கு மேலுள்ள பகுதியைக் கெட்டியான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரை முழுவதும் வெளியேற்றவும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் பிளீச்சிங் பவுடர் கரைக்கும் இடத்தில் நிற்க வேண்டாம். காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டில் கொசுவலைக்குள் ஓய்வெடுக்கட்டும்.

முடித்ததும் மூடியை இடைவெளியின்றி மூடி, வழிநீர்க் குழாயின் வாயில் கொசுவலை கட்டவும்.